பின்வாங்கும் வழி: காப்புப் பிரதியா, பழைய நெடுவரிசையா?

இயங்கிக்கொண்டிருக்கும் ஆர்டர் தரவுத்தளத்தில் `address` என்ற ஒரே நெடுவரிசையை `street`, `pincode` என இரண்டாகப் பிரிக்க வேண்டும். மாற்றக் கோரிக்கைப் படிவத்தில் பின்வாங்கும் திட்டத்தை இரண்டு விதமாக எழுதலாம்.

முதல் வழியில் ஒரு படிவம், ஓர் ஒப்புதல் போதும். இரவு 11 மணிக்குக் காப்புப் பிரதி எடுத்து, பழைய நெடுவரிசையை நீக்கிவிடுவார்கள். பிழை வந்தால் பிரதியை மீட்பார்கள். ஒப்புதல் தருபவர் இங்கே மீட்பு நேரத்தைக் கேட்க வேண்டும். ஒத்திகையில் 50 நிமிடம் பிடித்தது, அனுமதித்த நேரம் 1 மணிக்கு முடிகிறது என்றால், திரும்புவதா என்ற முடிவை 12.10-க்குள் எடுத்தாக வேண்டும். அந்த நேரமும் முடிவெடுப்பவர் பெயரும் படிவத்தில் இருக்க வேண்டும். தளம் திறந்திருந்தால், பிரதிக்குப் பின் வந்த ஆர்டர்கள் மீட்பில் அழிந்துபோகும். காலையில் தெரியவரும் பிழைக்கு இந்த வழி உதவாது.

இரண்டாவதில் மூன்று படிவங்கள்: புதிய நெடுவரிசைகளைச் சேர்த்து, பழையது புதியது இரண்டிலும் எழுதுவது, பழைய பதிவுகளை நிரப்பிப் புதியதிலிருந்து படிப்பது, பழையதை நீக்குவது. முதல் இரண்டிலும் முந்தைய மென்பொருள் பதிப்பை நிறுவினாலே திரும்பிவிடலாம். ஆர்டர் எதுவும் தொலையாது. மூன்றாவதில் மட்டும் அந்த வசதி இல்லை. ஆகவே இரு பக்கமும் பொருந்துகிறதா என்று தினமும் சரிபார்த்த விவரம் இல்லாமல் அதற்கு ஒப்புதல் தரக் கூடாது. வேலை வாரக்கணக்கில் நீளும்.

இரவில் தளத்தை மூட முடிந்த சிறிய கடைக்கு முதல் வழி போதும். ஓயாமல் ஆர்டர் வரும் இடத்தில் நான் இரண்டாவதற்கே கையெழுத்திடுவேன்.