அறை மாற்ற அறிவிப்பு: முழு விவரமா, இணைப்பு மட்டுமா?

கூட்டம் தொடங்க 40 நிமிடம் இருக்கையில் அறை மாறினால், குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், மின்னஞ்சல் மூன்றிலும் முழு விவரத்தையும் அனுப்புவதா, அல்லது நிகழ்ச்சி நிரல் பக்கத்தைத் திருத்திவிட்டு அதன் இணைப்பை மட்டும் அனுப்புவதா?

வேகம்: முழு விவரத்தைப் பூட்டிய திரையிலேயே படித்துவிடலாம், இணைப்பைத் திறக்க இணையம் வேண்டும்.

குழப்பம்: மறுபடியும் அறை மாறினால், தாமதமாக வந்து சேரும் மின்னஞ்சலோ, யாரோ பகிர்ந்த முந்தைய வாட்ஸ்அப் செய்தியோ புதியதுபோல் தோன்றிவிடும், திருத்தப்படும் பக்கத்தில் கடைசி நிலை மட்டுமே இருக்கும்.

மாற்றம் உறுதியானால் முழு விவரமே மேல்: "10.20 மணி அறிவிப்பு: 11 மணி அமர்வு அறை 204இல் அல்ல, அறை 310இல் நடைபெறும். நேரத்தில் மாற்றமில்லை." இவ்வாசகம் எல்லா வழிகளிலும் எழுத்து மாறாமல் செல்ல வேண்டும். மீண்டும் மாறக்கூடுமெனில் இணைப்பை அனுப்புங்கள். எதுவாயினும் 204இன் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். செல்பேசியைப் பார்க்காதவர் அங்கேதான் வந்து நிற்பார்.