நான்கு வருட அன்ராப்பும் ஒரு வழுக்கைத் தலையும்

அரூரிலிருந்து ஒரு தம்பி போன வாரம் போனில் கேட்டான்: "அண்ணா, யூவி போடறதுக்கு பிளெண்டரே போதுமா, இல்ல காசு போட்டு தனியா ஒரு சாஃப்ட்வேர் வாங்கணுமா?" அன்றைக்கு நான் சொன்ன பதிலில் எரிச்சல்தான் அதிகம். நான்கு வருடமாக பிளெண்டர் என்ற இந்த இலவச 3D மென்பொருளிலேயே ஆட்களுக்கு யூவி போட்டுக்கொண்டிருக்கிறேன், அதாவது 3D உருவத்தின் மேற்பரப்பை வெட்டித் தட்டையாக விரித்து அதன்மேல் படம் ஒட்ட வழி செய்கிறேன். அதனால் நிதானமாக ஒருமுறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நிதானம் எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்ப்போம்.

கடைசியாகச் செய்த வேலையையே எடுத்துக்கொள்கிறேன். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலை வைத்திருப்பவர் ஒருவருக்கு ஒரு நிமிட விளம்பரம். அதில் ஒரு மாங்காய் மண்டிக்காரர் வருவார். ஐம்பது வயது, தொந்தி, வேட்டி, நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட சட்டை. யூவி போடுகிறவனுக்குக் கட்டம் போட்ட சட்டை என்றால் பரீட்சை மாதிரி. வெறும் வெள்ளைச் சட்டையாக இருந்தால் இழுவை எவ்வளவு இருந்தாலும் யார் கண்ணிலும் படாது. கட்டத்தில் ஒரு சதுரம் நீண்டால்கூடப் பார்க்கிறவர் முகம் சுளிப்பார்.

முதல் முறை வழக்கம்போலச் செய்தேன். சட்டையின் இரண்டு பக்கமும் விலாவோடு ஒரு சீம், அதாவது வெட்டுக் கோடு. கையின் அடிப்பக்கம் மணிக்கட்டு வரை ஒரு சீம். கையும் உடம்பும் ஒரே துண்டு. அன்ராப் கொடுத்து விரித்து, `Color Grid` என்கிற கட்டம் போட்ட சோதனைப் படத்தை மாட்டிப் பார்த்தால் முதுகு அருமை, தொந்தி பரவாயில்லை, அக்குள் மட்டும் நாசம். அங்கே இருந்த சதுரங்கள் மற்ற இடத்தைப்போல இரண்டு மடங்கு பெரிதாகி, கை இருக்கும் திசையில் சாய்ந்து கிடந்தன.

காரணம் மென்பொருள் இல்லை, வடிவம். மாங்காய்த் தோலைச் சீவி மேசையில் வைத்து அழுத்தினால் ஓரம் கிழியும், ஏனென்றால் உருண்டையின் ஓரத்தில் தோல் போதாது. அக்குள் அதற்கு நேர் எதிர். குதிரைச் சேணம் மாதிரி ஒரு பக்கம் மேலும் இன்னொரு பக்கம் கீழும் வளைகிற இடத்தைத் தட்டையாக்கினால் ஓரத்தில் துணி மிஞ்சும். மிஞ்சுகிற துணியை யூவியில் சுருக்கித்தான் அடைக்க முடியும். யூவியில் சுருங்கிய இடத்துக்குப் படத்தில் கொஞ்சம் பங்குதான் கிடைக்கும், அதனால் மாடலில் கட்டம் பெரிதாகத் தெரியும். இரண்டு பக்கமும் வளைந்த பரப்பை அளவு மாறாமல் தட்டையாக்கவே முடியாது என்று காஸ் 1827-லேயே நிரூபித்துவிட்டார். எந்த பட்டனை அழுத்தினாலும் அது மாறாது. வெட்டினால் இழுவை குறையும், வெட்டுத் தெரியும். எங்கே வெட்டுவது என்பது மட்டும்தான் நம் கையில்.

இதை என் சித்தப்பாவிடம் காட்டினேன். பாலக்கோட்டில் முப்பது வருடமாக டெய்லர் கடை வைத்திருக்கிறார். திரையைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "ஏன்டா, கையை யாராவது உடம்போட ஒட்டியே வெட்டுவாங்களா?"

அப்புறம் அவர் சொன்னபடியே போட்டேன். கை சேருகிற இடத்தில் தோளைச் சுற்றி ஒரு வளையம். தோள்மேல் கழுத்திலிருந்து அந்த வளையம் வரை ஒரு கோடு. அக்குளிலிருந்து கீழே விலாவோடு ஒன்று, கையின் அடியில் மணிக்கட்டுக்கு ஒன்று. முன்பக்கம் பட்டன் பட்டியில் மெஷ், அதாவது உருவத்தின் வலைப்பின்னலே, பிரிந்துதான் இருக்கிறது. ஆக முன்பாகம் இரண்டு, பின்பாகம் ஒன்று, கை இரண்டு, அப்புறம் காலர், கப். அதாவது டெய்லர் மேசையில் துணி வெட்டிப் பரப்பியது போலவே. தோள் வளையமும் விலாத் தையலும் கைத் தையலும் வந்து சேருகிற இடம் அக்குள். எவ்வளவு வளைவு இருந்தாலும் அங்கே துணி நாலாப் பக்கமும் விரிந்து கொடுத்துவிடுகிறது. கையைத் தூக்கினால்தான் தெரியும், தூக்கினாலும் நிழலில் கிடக்கும்.

தோளில் மட்டும் சித்தப்பாவிடமிருந்து மாறினேன். எங்கள் கேமரா பெரும்பாலும் முன்பக்கம்தான் என்பதால் அந்தக் கோட்டை மெஷ்ஷின் கோடுகளில், அதாவது எட்ஜ்களில், இரண்டு வரிசை பின்னால் தள்ளினேன். விலாவில் கட்டம் சேரவில்லையே என்று கவலைப்பட்டதற்கு அவர் சிரித்தார். முன்பட்டியிலும் பாக்கெட்டிலும்தான் கட்டம் சேர்ப்பார்களாம், விலாவில் சேர்க்கச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லையாம். நிஜச் சட்டையிலேயே கட்டம் உடைகிற இடத்தில் சீம் வைத்தால் பார்ப்பவர் அதைத் தையல் என்றே எடுத்துக்கொள்கிறார். இந்த நான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் இதுதான், சொல்லப்போனால் அது மென்பொருளுக்குள் இருந்து வரவில்லை.

மென்பொருளுக்கும் அதன் பங்கைக் கொடுக்க வேண்டும். பிளெண்டரின் 4.3 பதிப்பில் `Minimum Stretch` என்று ஒரு விரிக்கும் முறை சேர்ந்தது. பழைய `Angle Based` கோணத்தைக் காப்பாற்றும், அளவை விட்டுவிடும். சதுரம் சதுரமாகவே இருக்கும், ஆனால் ஓரிடத்தில் பெரிது, ஓரிடத்தில் சிறிது. புதியது இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பங்கு போடுகிறது. தொந்திக்கு இது நிஜமாகவே நல்லது. யூவி எடிட்டரில் `Display Stretch` போட்டு `Area` வைத்துப் பார்த்தால், பழைய முறையில் தொந்தியின் நடுவில் இருந்த பச்சையும் மஞ்சளும் இதில் ஏறக்குறைய நீலமாகிவிட்டது. நீலம் என்றால் இழுவை குறைவு, சிவப்பு என்றால் மோசம். இதற்கு முன் `Ctrl+A` கொடுத்து ஆப்ஜெக்ட்டின் ஸ்கேலை அப்ளை செய்திருக்க வேண்டும். மறந்தால் எல்லாக் கட்டமும் ஒரே பக்கம் நீளும், சீமைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்புறம் `Average Islands Scale`, இல்லாவிட்டால் கையில் ஒரு அளவுக் கட்டம், முதுகில் வேறு அளவு. துண்டுகள் சாய்ந்து கிடந்தால் கட்டமும் சாயும். அதற்கு நேராக ஓட வேண்டிய ஒரு எட்ஜைத் தேர்ந்தெடுத்து `Align Rotation` கொடுத்து `Method`-ஐ `Edge` என்று மாற்றினால் நிமிர்ந்துவிடும்.

இதுவரை எழுதியதைப் படித்தால் நான் திருப்தியானவன் மாதிரி இருக்கிறது. தலைக்கு வருகிறேன்.

மண்டிக்காரருக்கு முதலில் நல்ல அடர்த்தியான முடி. அதனால் தலையின் சீமை உச்சியிலிருந்து பிடரி வரை பின்பக்கமாக இறக்கி, உச்சியில் காதுக்குக் காது குறுக்காக ஒன்று வைத்திருந்தேன். காதுகளை மண்டையோடு ஒட்டுகிற மடிப்பில் தனியாக வெட்டியிருந்தேன். முகத்தில் ஒரு கோடு கிடையாது. தோல், மச்சம், நெற்றிச் சுருக்கம் எல்லாம் மூன்று நாள் உட்கார்ந்து பெயின்ட் செய்தேன். அப்போதுதான் ஆலைக்காரர், "கொஞ்சம் வழுக்கை இருந்தா நல்லாருக்கும், எங்க மாமா மாதிரி" என்றார். ஒளித்து வைத்த இரண்டு சீமும் பட்டப்பகலில் வந்துவிட்டன. பளபளக்கிற மண்டையில் உச்சியில் ஒரு T வெட்டு.

வழுக்கைக்கு வேறு வழி உண்டு. காதுக்கு மேலே தொடங்கி பின்பக்கம் சுற்றிவருகிற முடி வட்டத்துக்குள் சீமை இறக்கிவிட்டு உச்சியை முகத்தோடு சேர்த்துவிட வேண்டும். உச்சி கொஞ்சம் இழுக்கும்தான், ஆனால் வெறும் தோலில் சின்ன இழுவை தெரியாது, கோடு தெரியும். நள்ளிரவில் உட்கார்ந்து பழைய சீமை அழித்து, முடி வட்டத்தில் நாற்பது எட்ஜ் போலப் புதிதாகக் குறித்தேன். சேமித்தேன், இன்னொருமுறை சேமித்தேன், படுத்துவிட்டேன்.

காலையில் திறந்தால் மண்டிக்காரர் முகத்தில் நீலக் கட்டம், சட்டைப் பையில் ஒரு கண்.

`Live Unwrap` என்று ஒரு டிக் இருக்கிறது. சீம் குறிக்கக் குறிக்க அன்ராப் தானாக நடக்கும். நான் மிகவும் விரும்பும் வசதி, அக்குளில் அதை வைத்துத்தான் ஒவ்வொரு வெட்டுக்கும் கட்டம் மாறுவதைப் பார்த்தேன். ஆனால் அது தலைக்கு மட்டும் செய்யாது. அந்த மெஷ்ஷில் இருக்கிற எல்லாத் துண்டையும் புதிதாக விரித்து, புதிதாக அடுக்கிவிடும். நான் தலை, உடம்பு, சட்டை எல்லாவற்றையும் ஒரே ஆப்ஜெக்ட்டாக வைத்திருந்தேன். படம் தெரியாத சாலிட் வியூவில் வேலை செய்ததால் இரவு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு முறை சேமித்ததால் பிளெண்டர் தானாக எடுத்துவைக்கும் பழைய நகலான `.blend1` கோப்பும் போச்சு. டிக்கை எடுக்காதது என் தப்பு. ஆனால் இவ்வளவு பெரிய வேலையைச் செய்கிற ஒன்று, ஒரு வார்த்தை கேட்காமல் செய்கிறதே என்றுதான் கோபம்.

காப்பாற்றியது, சனிக்கிழமை ஒரு நண்பருக்கு பென் டிரைவில் கொடுத்த நகல். சீம் குறிப்பதால் மெஷ் மாறுவதில்லை, அதே புள்ளிகள், அதே வரிசை. அதனால் பழைய கோப்பிலிருந்து ஆளை `Append` செய்து, கெட்டுப்போன ஆளை முதலிலும் பழைய ஆளைக் கடைசியிலும் தேர்ந்தெடுத்து, `Ctrl+L` மெனுவில் `Copy UV Maps` கொடுத்தேன். முகம் முகத்துக்கு வந்தது. அதற்குமேல் செய்ததைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். டிக்கை எடுத்துவிட்டு இரண்டாவதாக ஒரு யூவி மேப் சேர்த்து, புது சீம்களை வைத்து அதில் மட்டும் அன்ராப். மெட்டீரியலில் `UV Map` நோடில் பழைய மேப், அதிலிருந்து பழைய படம், அது `Emission`-க்கு. பக்கத்தில் ஒரு வெற்றுப் படம் தேர்ந்தெடுத்த நிலையில். யூவி பட்டியலில் புது மேப்பைத் தொட்டுவைத்து, சைக்கிள்ஸ் ரெண்டர் எஞ்சினில் `Emit` பேக், அதாவது தெரிகிற நிறத்தை அந்த வெற்றுப் படத்தில் பதிப்பது, மார்ஜின் 16 பிக்சல். மூன்று நாள் பெயின்ட்டும் புது அடுக்குக்கு இடம் மாறிவிட்டது. 2048 படத்தை 2048-லேயே எடுத்தால் மச்சம் லேசாக மங்குகிறது. அதனால் 4096-ல் எடுத்துவிட்டுக் குறைத்தேன்.

அந்த பேக் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அரூர்த் தம்பி போன் செய்தான். "காசு இருந்தா வாங்கிடு" என்று சொல்லிவிட்டேன். "நீங்க வாங்கிட்டீங்களாண்ணா?" என்றான். இல்லை. அடுத்த வேலையும் இதிலேயேதான் தொடங்கியிருக்கிறேன், `Live Unwrap` டிக்கும் போட்டுத்தான் இருக்கிறது. பிளெண்டருக்கு ஐந்துக்கு எவ்வளவு மதிப்பெண் என்று கேட்டால் இன்றைக்கு இரண்டரை. சட்டை முடிந்த அன்றைக்குக் கேட்டிருந்தால் நாலரை கொடுத்திருப்பேன்.

நேற்று ஆலைக்காரர் கடைசி ஷாட்டைப் பார்த்தார். வழுக்கை நன்றாக வந்திருக்கிறது என்றார். வெயிலில் நிற்கிற ஆள் என்பதால் தலையில் ஒரு துண்டு கட்டிவிடச் சொல்லியிருக்கிறார்.