சராசரிக் கோடா, சார்ட் வடிவமா, மாதத் தவணையா: நீண்டகால முதலீட்டாளர் எப்போது வாங்குவது?

பத்து வருடம் வைத்திருக்கப்போகும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டை எப்போது வாங்குவது என்பதற்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. விலை தன் நகரும் சராசரிக்கு, அதாவது கடந்த சில மாத விலைகளின் சராசரிக்கு, மேலே ஏறியதும் வாங்குவது ஒன்று. சார்ட் வடிவம் முழுமையானதும் வாங்குவது இன்னொன்று. எதையும் பாராமல் மாதாமாதம் எஸ்ஐபி போடுவது மூன்றாவது. என் சாய்வு எஸ்ஐபி பக்கம்தான். முக்கியக் காரணம்: சராசரிக் கோட்டின் தாமதம்.

200 நாள் சராசரியில் உள்ள விலைகளின் நடு வயது சுமார் 100 வர்த்தக நாட்கள். சந்தை திரும்பினாலும் கோடு பழைய விலைகளைச் சுமந்துகொண்டிருப்பதால் சிக்னல் பிந்தித்தான் வரும். இதன் மாத வடிவம் 10 மாதச் சராசரி. மாதக் கடைசி குளோசிங்கை B பத்தியில் வரிசையாகப் போட்டு `=B11>AVERAGE(B2:B11)` என்று எழுதினால் போதும். TRUE வந்தால் வாங்கலாம், FALSE வந்தால் பணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

2020-ஐ இதில் போட்டுப் பார்ப்போம். பிப்ரவரி கடைசியில் நிஃப்டி 11,202, சராசரி 11,659. எனவே நிறுத்தச் சொல்கிறது விதி. சரிவுக்கு முன்பே எச்சரித்துவிட்டதே என்று தோன்றும். மார்ச் 8,598, ஏப்ரல் 9,860, மே 9,580, ஜூன் 10,302 என்று எல்லா மாதமும் கோட்டுக்குக் கீழேதான். ஜூலை கடைசியில் 11,073 ஆகி, 10,868-இல் இருந்த சராசரியைத் தாண்டியபோதுதான் வாங்கச் சொன்னது.

பிப்ரவரி முதல் ஜூன் வரை மாதம் 10,000 ரூபாய் கையில் வந்தவரை எடுத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் தவறாமல் வாங்கியிருந்தால் அவருடைய சராசரி விலை சுமார் 9,834. அந்த 50,000-ஐ வைத்திருந்து சிக்னல் வந்ததும் ஒரேயடியாகப் போட்டிருந்தால் 11,073. பங்களவில் 11 சதவீதம் குறைவு. எச்சரிக்கை சரியாக இருந்தும் வாங்குபவருக்கு நட்டம்தான். விற்கத் திட்டமில்லாதவருக்கு முதல் சிக்னலால் பயனில்லை, திரும்ப வாங்கச் சொல்லும் சிக்னல் வரும் விலைதான் கணக்கு.

‘அது திடீர்ச் சரிவு, நீளமான சரிவில் சராசரி காப்பாற்றும்’ என்பார்கள். அதில் பாதி உண்மை. 2008 மார்ச் கடைசியில் நிஃப்டி 4,734-இல் விதி நிறுத்தச் சொன்னது. 2009 ஏப்ரலில் 3,474-இல் வாங்கச் சொன்னது. மொத்தப் பணத்தோடு காத்திருந்தவருக்கு விலையில் 27 சதவீதம் லாபம். ஆனால் அதே 13 மாதம் எஸ்ஐபி போட்டவரின் சராசரி விலை 3,550 அருகில். வித்தியாசம் இரண்டு சதவீதம் சொச்சம்தான். கையில் இருந்த பணத்துக்குக் கிடைத்த வட்டியைச் சேர்த்தால் காத்திருந்தவர் இன்னும் கொஞ்சம் முன்னே நிற்பார். அதை மறுக்கவில்லை.

அந்த வருடத்திலேயே இன்னொரு பலவீனமும் தெரிகிறது. 2008 ஏப்ரல் கடைசியில் குளோசிங் 5,166, 10 மாதச் சராசரி 5,208. கோட்டுக்கு மயிரிழை கீழே. 12 மாதச் சராசரி வைத்திருந்தவருக்கோ அது 5,058, ஆகவே அவருக்கு ‘வாங்கு’ என்று வந்திருக்கும். அடுத்த மாதமே 4,870. எண்ணை 10-இலிருந்து 12-ஆக மாற்றினால் தீர்ப்பே மாறுகிறது. எந்த எண் சரி என்பது பின்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

சார்ட் வடிவங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தலைகீழ் ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் ஆகட்டும், கப் அண்ட் ஹேண்டில் ஆகட்டும், மேல்கோட்டை விலை உடைத்த பிறகுதான் அது வடிவம் என்று உறுதியாகிறது. அதற்குள் ஏற்றத்தின் ஒரு பங்கு போய்விடும். அந்த மேல்கோட்டை அன்றன்றைய உச்ச விலையைக் காட்டும் நிழல்முனைகளை இணைத்து வரைவதா, குளோசிங்கை இணைத்து வரைவதா என்பதில் இருவருக்கு இரு விடை. லோ, மமாய்ஸ்கி, வாங் மூவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, கணினியைக் கொண்டு அமெரிக்கப் பங்குகளில் வடிவங்களைத் தேடி, சிலவற்றில் தகவல் இருக்கிறது என்று கண்டது. தகவல் இருப்பது வேறு, செலவு போக லாபம் வருவது வேறு. பத்து வருட முதலீட்டுக்கு அதை நீட்டிப் பேசவும் முடியாது.

தனிப் பங்கு வாங்குவோருக்கு மட்டும் நான் இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். இண்டெக்ஸ் மீண்டு வந்திருக்கிறது, தனிக் கம்பெனி வராமலே போகலாம். 2018 ஆகஸ்டில் 400 ரூபாய் அருகில் இருந்த யெஸ் பேங்க், 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கியின் மொரட்டோரியத்துக்கு உள்ளானது. இறங்க இறங்க வாங்கிக்கொண்டே போனவருக்கு எஸ்ஐபி ஒழுக்கம் உதவவில்லை. அங்கே 200 நாள் கோட்டுக்குக் கீழே நீண்ட காலம் கிடக்கும் பங்கைக் கண்டால் வாங்குவதை நிறுத்திவிட்டு, காலாண்டு முடிவுகளையும் கடன் நிலவரத்தையும் மறுபடி படிக்கலாம். கோடு அந்த அளவுக்குப் பயன்படும். ஆனால் பார்க்கும் சார்ட் போனஸ், ஸ்பிளிட்டுக்குச் சரிசெய்யப்பட்டதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். 1:1 போனஸ் வந்த நாளில் சரிசெய்யாத சார்ட்டில் விலை பாதியாகித் தெரியும். அடுத்த பல மாதங்களுக்குப் பங்கு கோட்டுக்குக் கீழேயே கிடப்பதுபோல் காட்டும்.