பன்னீர்ச் சொம்புக்கு எது தாங்கும்: டூபியானா, டாஃபெட்டாவா?

போன தை மாதம் காட்பாடியில் நாத்தனார் பையன் கல்யாணம். இரண்டு பெண்களுக்கும் எட்டுத் துண்டு வைத்துத் தைத்த பாவாடை. பெரியவளுக்கு மயில் கழுத்து நிறத்தில் டூபியான், சின்னவளுக்கு ரோஸ் டாஃபெட்டா. இரண்டும் அசல் பட்டு. ஒரே டெய்லர், ஒரே காட்டன் லைனிங். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டூபியான் கட்சி.

நம்மூர்க் கடைகளில் டூபியானை ‘ரா சில்க்’ என்றே எடுத்துப் போடுவார்கள். இரண்டு புழுக்கள் ஒட்டிக்கொண்டு ஒரே கூடாகக் கட்டிவிட்டால் உள்ளே இரண்டு இழையும் பின்னிக்கொள்ளும். அந்தக் கூட்டிலிருந்து இழையைச் சீராக உருவ முடியாது. ஓரிடத்தில் மெல்லிசாகவும் ஓரிடத்தில் கட்டியாகவும்தான் வரும். அந்த முண்டு நூலை ஊடையில் போட்டு, பாவில் வழக்கமான மெல்லிய பட்டை ஓட்டி நெய்வதுதான் டூபியான். அதனால்தான் முண்டுகள் எப்போதும் குறுக்காகவே ஓடுகின்றன. சேதாரம் என்று நினைத்து மாற்றக் கேட்பவர்கள் இன்றைக்கும் உண்டு.

பாவாடை நிற்பதற்குக் காரணமும் அந்த ஊடைதான். தடித்த நூல் இடுப்பைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி ஓடுவதால் துணி காலில் ஒட்டாமல் வெளியே நிற்கிறது. அதோடு, பட்டு நூலின் மேல் புழு பூசிவிடும் பசை, அதாவது செரிசின், நூலின் எடையில் கால் பங்கு அளவுக்கு இருக்கும். அதை முழுக்க எடுக்காமல் கொஞ்சம் விட்டுவைத்தால் விறைப்பு கூடும்.

டாஃபெட்டாவின் கதை வேறு. மெல்லிய நூலுக்கு நல்ல முறுக்கு ஏற்றி, சாயம் போட்டு, இடைவெளி தெரியாமல் நெருக்கி நெய்கிறார்கள். நூல் நகர இடமில்லாததால் துணி மொடமொடவென்று நிற்கும், மடித்த இடம் கத்தி மாதிரி நிற்கும். சரசர சத்தம் நெசவிலிருந்து மட்டும் வருவதில்லை. பசை எடுத்த பட்டைக் கடைசியில் லேசான அமிலத் தண்ணீரில் முக்கி எடுத்தால் இழையோடு இழை உரசும்போது கரகரப்பு வரும். காரமான சோப்பில் துவைத்தால் அது போய்விடும். கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் விட்டால் ஓரளவு திரும்பும். சின்னவள் மண்டபத்துக்குள் ஓடியபோது எங்கே இருக்கிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். அந்த ஒரு அழகில் டூபியான் போட்டிக்கே வராது, ஒத்துக்கொள்கிறேன்.

நிறம், விலை எல்லாம் அவரவர் பாடு. தையலில் ஒன்று மட்டும்: டூபியான் வெட்டிய ஓரத்தில் பிரிந்துகொண்டே வரும், ஓவர்லாக் கட்டாயம். டாஃபெட்டாவில் ஊசி போன ஓட்டை மறையாது. வளரும் பிள்ளைக்குப் பிரித்துவிட்டால் பழைய தையல் வரி புள்ளி புள்ளியாக அப்படியே நிற்கும்.

இனி தண்ணீர் விஷயம். எனக்கு முடிவைச் சொன்னது இதுதான்.

மண்டப வாசலில் பன்னீர் தெளித்தார்கள். இரண்டு பேர் மேலும் விழுந்தது. டாஃபெட்டாவில் கால் மணி நேரத்தில் நாலைந்து வட்டம், ஓரம் கருத்து, பென்சிலால் வரைந்த மாதிரி. டூபியானிலும் விழுந்திருந்தது, ஆனால் தேடிப் பார்த்தால்தான் தெரிந்தது.

துளி விழுந்ததும் தண்ணீர் துணிக்குள் பரவும். மிச்சமிருக்கும் பசை, கடையில் ஏற்றிய பாலிஷ், உபரிச் சாயம், தூசு என்று கரையக்கூடியது எதுவோ அதைக் கரைத்துக்கொள்ளும். துளியின் ஓரம்தான் முதலில் காய்கிறது. காயக் காய, நடுவிலிருக்கும் தண்ணீர் ஓரத்துக்கு ஓடி, கொண்டுவந்ததையெல்லாம் அங்கேயே இறக்கிவிட்டுப் போகிறது. வட்டம் என்பது அந்த வண்டல்தான். நடுவில் இழை ஊறி உப்பி, இஸ்திரியில் படிந்த படிவு கலைந்துவிடுவதால் பளபளப்பு வேறு மாதிரி தெரிகிறது. டாஃபெட்டா கண்ணாடி மாதிரி சமம் என்பதால் இந்த வித்தியாசம் உடனே கண்ணில் படுகிறது. டூபியானில் முண்டும் மேடும் ஏற்கெனவே ஒளியை உடைக்கின்றன. எங்களுடையது பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் கண் இன்னும் ஏமாறுகிறது. வெளிர் நிற டூபியான் என்றால் இவ்வளவு தப்பித்திருக்காது.

மறுநாள் டூபியானை அதே துணியின் வெட்டுத் துண்டால், காய்ந்த நிலையில், மெதுவாகத் தேய்த்தேன். வண்டல் உதிர்ந்து வட்டம் மங்கிவிட்டது. அதையே டாஃபெட்டாவில் செய்தால் இழை நொந்து வெள்ளையாகப் பூக்கும், அதனால் தொடவில்லை. சலவைக் கடையில் கொடுத்தேன். அங்கே கறையின் மேல் மட்டும் ஈரத்துணி வைத்து ஒற்றியிருக்கிறார்கள். சின்ன வட்டம் தோசை அளவுக்குப் பெரிய வட்டமாக வந்தது. ஈரத்துக்கு ஓரம் என்று ஒன்று இருக்கும் வரை வட்டமும் இருக்கும்.

“அக்கா, நனைச்சா முழுசா நனைக்கணும், இல்லனா தொடவே கூடாது” என்றார் டெய்லர். சரி என்று லைனிங் துண்டில் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, பாவாடையை முழுதாக நனைத்தேன். போர் தண்ணீரில் அல்ல. பாலாற்றங்கரை போர் தண்ணீரின் உப்பு எப்படி என்று நம் குடத்தின் வெள்ளைப் படிவே சொல்லும். அது காய்ந்தால் வெள்ளை வட்டம் தனியாக வரும். ஆர்.ஓ. தண்ணீர், அதுவும் ஆறியது. வெந்நீர் பசையைக் கரைத்துவிடும், விறைப்பே போய்விடும். பிழியாமல் துண்டில் சுற்றி ஈரம் எடுத்து, நிழலில் தொங்கவிட்டு, லேசாக ஈரம் இருக்கும்போதே உள்பக்கமாக இஸ்திரி போட்டேன். நீராவி விடவில்லை, இஸ்திரிப் பெட்டி துப்பும் ஒரு துளி போதும் மறுபடி ஆரம்பிக்க.

வட்டம் போனது. மடிப்பின் கத்தி முனையும் சத்தத்தில் பாதியும் கூடவே போயின. லைனிங் சுருங்கிக் கீழ் ஓரம் ஓரிடத்தில் தூக்கிக்கொண்டது. அது என் தப்பு, தைக்கும் முன்னால் லைனிங்கை நனைத்திருக்க வேண்டும்.

நான் சொல்வதெல்லாம் பாவாடை, பிளவுஸ் அனுபவம். கவுன் மாதிரி மடிப்பு மடிப்பாக நிற்க வேண்டிய உடுப்புக்கு டாஃபெட்டாவே சரியாக இருக்கலாம். பாலியஸ்டர் டாஃபெட்டாவில் இந்த வட்டத் தொல்லை குறைவு. ஓர இழையைக் கொளுத்திப் பாருங்கள்: உருகி மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர், முடி கருகும் வாடை வந்து சாம்பல் நொறுங்கினால் பட்டு.

இப்போது கடையில் துணி எடுத்தால் முதலில் கால் மீட்டர் மட்டும் வாங்கி வருகிறேன். நடுவில் ஒரு சொட்டு விட்டுக் காய வைத்து, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்த பிறகுதான் மிச்சம். சித்திரையில் இன்னொரு கல்யாணம் வருகிறது. சின்னவள் மறுபடியும் சத்தம் போடுகிற துணிதான் வேண்டும் என்கிறாள்.