வேப்பமரத்தடியில் ஒரு நடைக்கூரை: மேஜையில் மூன்று வரைபடங்கள்

திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரி. வடக்கே வகுப்பறைக் கட்டடம், தெற்கே ஆய்வகக் கட்டடம், நடுவில் 36 மீட்டர் வெட்டவெளி. வெயிலுக்கும் மழைக்கும் நனையாமல், காயாமல் போய்வர ஒரு கூரை வேண்டும் என்றார்கள். மேற்கு ஓரத்தில் நன்றாக வளர்ந்த ஆறு வேப்பமரங்கள் வரிசையாக நின்றன. "மரத்தடியில் விழுகிற புள்ளிப்புள்ளி வெளிச்சம் கூரைக்குள்ளும் வரட்டும்" என்பது முதல்வரின் ஆசை. அந்த ஆசைதான் எங்களைக் கடைசிவரை அலைக்கழித்தது.

மேஜைக்கு மூன்று வரைபடங்கள் வந்தன. மூன்றிலும் நடக்கிற அகலம் 2.4 மீட்டர், கூரையின் அகலம் 3.6 மீட்டர். நான்கு மீட்டருக்கு ஒரு ஜோடி என்று பத்து ஜோடித் தூண்கள். மாறுவது மேலே இருப்பது மட்டும். ஒன்று காங்கிரீட் தளம். இன்னொன்று இரண்டு பக்கமும் சிறகு போல உயர்ந்து நடுவில் பள்ளம் விழும் பட்டாம்பூச்சிக் கூரை. மூன்றாவது, நம் ஊரில் வீட்டோரம் இறக்குவோமே, அந்தச் சாய்ப்பு.

எந்தக் கூரையானாலும் முதலில் தண்ணீர்க் கணக்கைப் போட்டுவிடுவது என் வழக்கம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நம் கூரை ஏறக்குறைய 130 சதுர மீட்டர். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டினால் நிமிடத்துக்கு 216 லிட்டர் இறங்கும். மதுரையின் கோடை இடிமழை அரை மணி நேரமே பெய்தாலும் அந்த வேகத்தைச் சாதாரணமாகத் தொடும். நான்கு அங்குலக் குழாய் ஒன்று, அந்த மழைக்குச் சுமார் 40 சதுர மீட்டர் கூரையைத் தாங்கும். மணிக்கு 150 மில்லிமீட்டர் என்றால் 28 சதுர மீட்டர்தான். ஆக, எட்டு மீட்டருக்கு ஒரு குழாய். அதாவது ஒரு தூண் விட்டு ஒரு தூணில் குழாய். தூண்கள் ஒரே சீரான இடைவெளியில் நிற்பதன் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. குழாயை எங்கே ஒளிப்பது என்று தனியாக யோசிக்க வேண்டாம், தூணின் வெளிமுகத்து நிழலிலேயே இறக்கிவிடலாம்.

காங்கிரீட் தளத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 12 சென்டிமீட்டர் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோ. ஷீட் ஐந்து, ஆறு கிலோ. அங்கே கரிசல் மண். நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அந்த மண்ணில் அவ்வளவு எடையைத் தாங்க இருபது தூணுக்கும் ஆழமாக அடித்தளம் போட்டு, அதற்கு மேலே காலைமுதல் வெயிலைக் குடித்துவிட்டு மாலை ஐந்து மணிக்கு மாணவர்கள் தலையில் சூட்டைக் கக்கும் ஒரு தளமா? வெளிச்சத்துக்காக நடுநடுவே சதுர ஓட்டைகள் வேறு காட்டியிருந்தார்கள். அந்த வரைபடத்தில் குழாய்கள் தூணுக்குள்ளேயே புதைந்திருந்தன. பார்க்க அழகுதான். உள்ளே ஒரு இணைப்பு கசிந்தால் கம்பி துருப்பிடித்து, காங்கிரீட் பிளந்த பிறகுதான் தெரியும். குழாயை மாற்றத் தூணையே உடைக்க வேண்டும். சரி, அது கீழே போனது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

பட்டாம்பூச்சிக் கூரையை எல்லோருக்கும் பிடித்தது, எனக்கும்தான். இரண்டு ஓரமும் உயரமாகத் திறந்திருப்பதால் உள்ளே நின்றால் மரம் முழுதாகத் தெரியும். சிறகு இரண்டும் பாலிகார்பனேட் ஷீட். அதற்குக் கீழே, தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் வரிசையாக மரப்பட்டிகள். பட்டிகளுக்கு நடுவே 2.5 சென்டிமீட்டர் இடைவெளி. அதன் வழியாக வெளிச்சம் கோடுகோடாக விழும் என்று படத்தில் வரைந்திருந்தார்கள்.

விழாது. சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரை பாகை அகலமுள்ள வட்டம். அதனால் எந்த விளிம்பின் நிழலும், தூரத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு மங்கிப்போகும். மூன்று மீட்டர் உயரத்துக்கு அந்த மங்கல் 2.8 சென்டிமீட்டர். பட்டி இடைவெளி அதைவிடக் குறைந்தால் கோடுகள் ஒன்றோடொன்று கரைந்து, தரையில் வெறும் சாம்பல் வெளிச்சம்தான் மிஞ்சும். கோடு தெளிய வேண்டுமானால் இடைவெளி எட்டு, பத்து சென்டிமீட்டராவது வேண்டும். அப்படி அகட்டினால் வேறு வம்பு. தெற்குக் கோடியில் இரண்டு படி இறங்க வேண்டியிருந்தது. குறுக்கே விழும் நிழல்கோடுகளுக்கு நடுவே படியின் விளிம்பு எது, கோடு எது என்று நடு வயதுக் கண்ணுக்கே தெரியாது. படிக்கு மேலே மட்டுமாவது வெளிச்சம் புகாத ஷீட் போட வேண்டும்.

மரத்தடிப் புள்ளிகளும் இதே கணக்கில் பிறந்தவைதான். எட்டு மீட்டருக்கு மேலே இருக்கும் இலைச்சந்து ஒவ்வொன்றும் தரையில் ஏழெட்டு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சூரியனின் படத்தையே அச்சடிக்கிறது. சந்து கோணல்மாணலாக இருந்தாலும் விழுவது பணியாரம் பணியாரமாய் வட்டம்தான். 2019 டிசம்பர் 26 காலைக் கிரகணத்தின்போது மரத்தடிகளில் அத்தனையும் பிறையாக மாறிக் கிடந்தன.

பாலிகார்பனேட்டுக்கு ஒரு வார்த்தை. வெயிலில் நீளும் பொருள் அது. நான்கு மீட்டர் ஷீட், இரவுக் குளிருக்கும் நண்பகல் சூட்டுக்கும் 40 பாகை வித்தியாசம் என்றால், ஒரு சென்டிமீட்டர் நீளும். திருகாணித் துளையை அதற்கேற்றபடி பெரிதாகப் போடாவிட்டால் துளையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி கீறல் விழும். உள்ளே அறை அறையாக இருக்கும் ஷீட்டின் நுனிகளை டேப் போட்டு மூடாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பாசி ஏறிவிடும். பச்சைக் கோடுகளைக் கீழேயிருந்தே பார்க்கலாம்.

இதெல்லாம் சரிசெய்யக்கூடிய குறைகள். சரிசெய்ய முடியாதது நடுப்பள்ளம். எல்லாத் தண்ணீரும் நடக்கிறவர் தலைக்கு நேர் மேலே ஓடும் ஒரே ஒரு தகரக் கால்வாயில் சேர்கிறது. அந்தக் கட்டர் 25 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் ஆழம். இரண்டு பக்கமும் நான்கு நான்கு மீட்டருக்கு வாட்டம் கொடுத்து, எட்டு மீட்டருக்கு ஒரு குழாய் வாய். மூன்றாவது வரைபடத்தைப் புரட்டுவதற்கு முன்பே தோட்டத்தில் பெருக்குகிற அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஏன் தம்பி, சித்திரையில இந்த மரம் பூவாக் கொட்டுமே, அது எங்கிட்டுப் போகும்?"

நாங்கள் ஐப்பசி அடைமழையையே நினைத்துக்கொண்டிருந்தோம். வேம்பு மாசி, பங்குனியில் இலை உதிர்க்கும். பங்குனி, சித்திரையில் பூவை உதிர்க்கும். வலை போட்டால் இலை நிற்கும். பூ நிற்காது, வலைக்குள் புகுந்து ஈரம் பட்டதும் களியாகிக் குழாய் வாயில் அப்பிக்கொள்ளும். அதற்குச் சரியாகப் பின்னாலேயே முதல் கோடைமழை. கணக்குப் பார்த்தேன். அந்த எட்டு மீட்டர்க் கட்டர் 240 லிட்டர் கொள்ளும். அதற்கு வரும் மழை நிமிடத்துக்கு 48 லிட்டர். வாய் அடைபட்டால் ஐந்து நிமிடத்தில் நிரம்பி, இரண்டு பக்கமும் நடைபாதைக்கு உள்ளேயே வழியும். இதே மாதிரிக் கூரையை நானே முன்பு வேறொரு வளாகத்தில், தூங்குமூஞ்சி மரத்தடியில் போட்டிருக்கிறேன். அங்கே மழை நாளில் பிள்ளைகள் கூரைக்கு வெளியே நடந்தார்கள்.

சாய்ப்பு அழகில் பின்தங்கியதுதான். கிழக்கே 3 மீட்டர் உயரம், மேற்கே மரத்தின் பக்கம் 2.4 மீட்டர், பத்து பாகை வாட்டம். வெள்ளைப் பூச்சுள்ள ஷீட். சூடான காற்று கிழக்கு விளிம்பு வழியாக ஏறி வெளியேறிவிடும். தாழ்ந்த விளிம்பில் கட்டரே வேண்டாம் என்று நான் சொன்னபோது ஒப்பந்தக்காரர் சிரித்தார். ஆனால் ஒரு மீட்டர் இறவாணத்தில் நிமிடத்துக்கு வழிவது 6 லிட்டர், அரைக் குடத்துக்குப் பக்கம். அதைத் தரையில் ஜல்லி நிரப்பிய கால்வாய் வாங்கிக்கொள்ளும். பூவும் இலையும் ஷீட்டில் வழுக்கி அதே ஜல்லிமேல் விழும். மேலே ஏறாமல் விளக்குமாற்றாலேயே வாரிவிடலாம். கேண்டீன் பாதை குறுக்கிடும் ஒரே ஒரு நான்கு மீட்டருக்கு மட்டும் கட்டர், இரண்டு தூணிலும் குழாய். ஸ்டூல் போட்டு நின்று கையாலேயே அள்ளலாம். அது அடைத்தாலும் தண்ணீர் வழிவது வெளியேதான்.

வெளிச்சம்? பகல் பன்னிரண்டேகாலுக்கு மதுரையில் சூரியன் உச்சி தொடும்போது உள்ளே முழு நிழல். சித்திரையில் அந்த நேரத்துப் புள்ளி வெளிச்சத்தை யாரும் கேட்கப்போவதில்லை. மூன்றேகாலுக்குச் சூரியன் 45 பாகைக்கு இறங்கியிருக்கும். 2.4 மீட்டர் உயர விளிம்பு 60 சென்டிமீட்டர் வெளியே நீட்டியிருப்பதால், வெயில் நடைபாதைக்குள் 1.8 மீட்டர் நுழையும், அதுவும் வேம்பின் வழியாக வடிகட்டி. முதல்வர் கேட்ட பணியாரங்கள், வகுப்பு விடுகிற நேரத்துக்குச் சரியாக.

இதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். கிழக்கு உயரமாக இருப்பதால் வடகிழக்குப் பருவமழையின் சாரல் தாராளமாக உள்ளே வரும். 30 பாகை சாய்ந்த மழை, நடக்கிற 2.4 மீட்டர் அகலத்தில் 1.1 மீட்டரை நனைத்துவிடும். ஐப்பசியில் மேற்குப் பாதியில் ஒற்றை வரிசையாகத்தான் போக வேண்டும். கிழக்கைத் தாழ்த்தியிருந்தால் சாரல் குறைந்திருக்கும், ஆனால் மாலை வெயில் முழுசாக உள்ளே வந்திருக்கும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். இன்னொன்று, 2.4 மீட்டருக்குக் கீழே தண்ணீர் லாரி நுழையாது. அது இப்போது வகுப்பறைக்குப் பின்னால் சுற்றிப் போகிறது.

சாய்ப்பைத்தான் கட்டினோம். இரு கட்டடச் சுவர்களிலும் அதைத் தாங்கவிடாமல் ஐந்து சென்டிமீட்டர் சந்து விட்டு, மேலே தகரம் மடித்து மூடினோம். கரிசலில் தூண்கள் அசைந்தால் சுவரை இழுக்கக் கூடாது. முதல் கோடைமழையில் ஜல்லிக் கால்வாய் தண்ணீரை நன்றாகவே வாங்கியது. ஆனால் மேற்குத் தூண்களின் அடியில் முழங்கால் உயரத்துக்குக் கரிசல் சேறு தெறித்திருந்தது. ஜல்லி 45 சென்டிமீட்டர் அகலம்தான் போட்டிருந்தோம். சொட்டு அதன் விளிம்பில் விழுந்து மண்ணைக் கிளப்பியிருக்கிறது. 75 சென்டிமீட்டராக அகட்டி, சொட்டு விழும் கோட்டை அதன் நடுவுக்குக் கொண்டுவந்தோம். தூண் கறையைக் கழுவ அந்த அம்மாவுக்கு இரண்டு நாள் ஆனது. இரண்டு நாளும் என்னை ஒரு பார்வை பார்த்தார்.