அரையாண்டுக் கூட்டு வட்டி: ஆயத்தச் சூத்திரமா, முதலில் எழுதும் ஒரு வரியா?

கணக்கு இதுதான்: ரூ.16,000-க்கு ஆண்டுக்கு 10% வீதம், அரையாண்டுக்கு ஒரு முறை வட்டி அசலோடு சேர்க்கப்பட்டால், 2 ஆண்டுகளில் கூட்டு வட்டி எவ்வளவு?

எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஆயத்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யவைப்பது: A = P(1 + r/200)^(2n). வீதத்தைப் பாதியாக்குவதும் காலத்தை இரட்டிப்பதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. இரண்டாவது, சூத்திரத்தைத் தொடுவதற்கு முன் ஒரு வரி எழுதவைப்பது: "ஒரு முறைக்கு 5%, மொத்தம் 4 முறை." அதன் பிறகு வழக்கமான A = P(1 + r/100)^n போதும். அதில் r என்பது ஒரு முறைக்கான வீதம், n என்பது எத்தனை முறை என்பது. நான் இப்போது மாலை வகுப்பில் இரண்டாவதைத்தான் கற்பிக்கிறேன்.

சூத்திரமே இல்லாமல் அரையாண்டு அரையாண்டாகக் கூட்டிக்கொண்டு போகும் மூன்றாவது வழியும் இருக்கிறது. 16,800, 17,640, 18,522, 19,448.10 என்று நான்கு படிகளில் முடிந்துவிடும், வட்டி ரூ.3,448.10. கருத்தைப் புரியவைக்க முதல் நாளில் இதைவிட நல்லது கிடையாது. 5 ஆண்டு என்று கேட்டால் பத்துப் படி எழுத வேண்டும் என்பதால் அதை அங்கேயே விட்டுவிடுகிறேன்.

விரைவு, எளிமை எல்லாம் இரண்டு வழிகளுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே காரணம்: தவறு நேர்ந்தால் அது கண்ணில் படுகிறதா?

இந்தப் பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் தவறு, இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றுவது. மாணவரின் நோட்டில் 10 அடிக்கப்பட்டு மேலே 5 என்று எழுதியிருக்கும். அடுக்கில் 2 அப்படியே நிற்கும். 16,000 × (1.05)² = 17,640 என்று விடை வரும். மேலே உள்ள நான்கு படிகளைப் பாருங்கள், இரண்டாவது படியே அது. அதாவது, இரண்டு ஆண்டுக்குக் கேட்ட கணக்கில் ஓர் ஆண்டோடு நின்றுவிட்டார். இன்னொரு மாணவர் அடுக்கை 4 ஆக்கிவிட்டு வீதத்தை 10 என்றே விட்டுவிடுவார். 16,000 × (1.1)⁴ = 23,425.60. இது அதே 10% வீதத்தில் 4 ஆண்டு போட்டுவைத்த பணத்தின் கணக்கு. பெருக்கலில் பிழை இல்லாததால் இருவருமே தங்கள் விடை சரி என்று உறுதியாக நம்புவார்கள். கேட்காத கேள்விக்கு எழுதிய சரியான விடைகள் இவை.

இங்கேதான் அந்த ஒரு வரி உதவுகிறது. ஆண்டு வீதத்தையும் ஆண்டுகளையும் பெருக்கினால் 10 × 2 = 20. ஒரு முறைக்கான வீதத்தையும் முறைகளையும் பெருக்கினாலும் 5 × 4 = 20 வர வேண்டும். ஒன்று பாதியாகும்போது மற்றது இரட்டிப்பதால் பெருக்குத்தொகை மாறாது. வீதத்தை மட்டும் மாற்றியவருக்கு 5 × 2 = 10; காலத்தை மட்டும் மாற்றியவருக்கு 10 × 4 = 40. இரண்டும் அங்கேயே பிடிபட்டுவிடும், ஒரு பெருக்கலும் போடும் முன்பே. ஆயத்தச் சூத்திரத்தில் இந்தச் சோதனைக்கு இடமே இல்லை. 200-இல் இருக்கும் 2-ஐ மறந்து 100 என்று எழுதிய மாணவருக்குத் தான் எதை விட்டோம் என்று தெரிய வழியில்லை; நினைவு பிசகினால் கூடவே சோதனையும் போய்விடுகிறது.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டையுமே மாற்றாமல் விட்டால் 10 × 2 = 20 என்று அதுவும் தேறிவிடும். அப்போது வட்டி ரூ.3,360. சரியான விடையைவிட ரூ.88.10 மட்டுமே குறைவு என்பதால் விடையின் அளவைப் பார்த்தும் சந்தேகம் வராது. ஆனால் "ஒரு முறைக்கு" என்று எழுதத் தொடங்கும் மாணவர், முறை என்பது எத்தனை மாதம் என்று கேள்வியைத் திரும்பப் பார்த்தாக வேண்டும். அதனால் இந்தத் தவறு குறைகிறது. ஒழிந்துவிடுகிறது என்று சொல்ல மாட்டேன்.

ஒன்றரை ஆண்டுக் கணக்கில் வேறுபாடு இன்னும் தெளிவு. அரையாண்டு முறையில் ஒரு முறைக்கு 5%, 3 முறை; தொகை ரூ.18,522. அதே ஒன்றரை ஆண்டு, ஆண்டுக்கு ஒரு முறை வட்டி சேரும் கணக்கிலும் வரும். அங்கே முதல் ஆண்டுக்கு 10%, மிச்சமுள்ள அரை ஆண்டுக்கு 5%: 16,000 × 1.1 × 1.05 = 18,480. இரண்டு இடத்திலும் 10 பாதியாகி 5 ஆகிறது, ஆனால் காரணம் வேறு. முதலாவதில் வட்டி சேரும் இடைவெளியே ஆறு மாதம்; இரண்டாவதில் ஓர் ஆண்டு இடைவெளி முழுதாக நிறையவில்லை. இரண்டு சூத்திரங்களையும் அடுத்தடுத்து மனப்பாடம் செய்தவர்கள் இதில்தான் அதிகம் குழம்புகிறார்கள். வரி எழுதுபவர் "ஒரு முறைக்கு 5%, 3 முறை" என்றும், "ஒரு முறைக்கு 10%, 1 முறை, பிறகு அரை" என்றும் எழுதும்போது இவை வேறு வேறு கணக்குகள் என்பது தாளிலேயே தெரிகிறது.

கேள்வியில் "ஆறு மாதத்திற்கு 5%" என்றே கொடுத்திருந்தால்? ஆயத்தச் சூத்திரம் பழகிய கை அதையும் 200-ஆல் வகுத்து 2.5% ஆக்கிவிடும். வரி எழுதுபவருக்கு ஒரு முறைக்கான வீதம் கேள்வியிலேயே இருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் கண்டுபிடித்தால் போதும்.

ஆயத்தச் சூத்திரம் வெல்லும் இடமும் ஒன்று உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ரூ.64,000, ஆண்டுக்கு 5% வீதம், அரையாண்டு முறையில் எவ்வளவு காலத்தில் ரூ.68,921 ஆகும்? ஒரு முறைக்கு 2.5%, அதாவது 1/40. 68,921/64,000 என்பது (41/40)³. முறை 3 என்று வந்ததும் "3 ஆண்டுகள்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். சூத்திரத்தில் 2n = 3 என்று நிற்பதால் n = 1½ தானாக வந்துவிடும். இந்த வகைக் கணக்குக்கு என் மாணவர்களிடம் அதே பெருக்கலைப் பின்னோக்கிப் போடச் சொல்கிறேன்: 2.5 × 3 = 7.5, ஆண்டு வீதம் 5 என்றால் ஆண்டு 1½. வீதம் கேட்டாலும் இதே வழிதான்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களோடு எனக்குப் பழக்கம் குறைவு. நேரத்தோடு போட்டிபோடும் அவர்கள், ஆயத்தச் சூத்திரம் கையில் உறைந்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். விடையைக் குறிக்கும் முன் வீதத்தையும் முறையையும் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளட்டும். காலாண்டுக் கணக்குக்கும் அதே பெருக்கல்தான்: 10% வீதத்தில் 2 ஆண்டு என்றால் 2.5 × 8 = 20.