ரயிலா, பஸ்ஸா, காரா, விமானமா? 600 கிலோமீட்டருக்கு ஒரு கணக்கு

600 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஓர் ஊருக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டன் அரசு ஆண்டுதோறும் வெளியிடும் உமிழ்வுப் பட்டியலில் 2022-க்கான எண்களை எடுத்துக்கொள்கிறேன். நாட்டுக்கு நாடு எண்கள் மாறும், ஆனால் எது பெரிது, எது சிறிது என்று பார்க்க இது போதும். உள்நாட்டு விமானத்தில் ஓர் ஆள் ஒரு கிலோமீட்டர் போக சுமார் 246 கிராம் கரியமில வாயு. ரயிலில் 35, தொலைதூர பஸ்ஸில் 27. பெட்ரோல் காருக்கு 170, ஆனால் இது ஆளுக்கு அல்ல, வண்டிக்கு.

பெருக்கிப் பார்த்தால் ஒருவழிப் பயணத்துக்கு விமானம் 148 கிலோ, ரயில் 21, பஸ் 16. காரில் தனியாகப் போனால் 102 கிலோ. நாலு பேர் ஏறிக்கொண்டால் தலைக்கு 25 கிலோ சொச்சம், அதாவது கிட்டத்தட்ட ரயில் அளவு. கார் கெட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கெட்டது காலி சீட்தான்.

பஸ் ரயிலை முந்துவது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பிரிட்டனில் டீசல் ரயில்கள் இன்னும் கணிசமாக ஓடுகின்றன, தொலைதூர பஸ்ஸோ பெரும்பாலும் ஆள் நிறைந்தே போகிறது. மின்சார ரயில் என்றால் கதை வேறு. லண்டனிலிருந்து அணுமின்சாரம் மிகுந்த பிரான்ஸுக்குள் ஓடும் யூரோஸ்டார் ரயிலுக்கு அதே பட்டியலில் 5 கிராம்கூட இல்லை. ஆகவே ரயில் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு மார்க் போடாமல், அது எதில் ஓடுகிறது என்று பார்ப்பது நல்லது.

விமானத்தின் எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே பயணத்துக்கு ஓர் இணையக் கணிப்பான் 148 கிலோ காட்டும், இன்னொன்று அதில் பாதிதான் காட்டும். இரண்டும் பொய் இல்லை. உயரத்தில் விமானம் விட்டுச்செல்லும் வெண்புகைக் கோடுகள் போன்றவையும் வெப்பத்தைக் கூட்டுகின்றன. முதலாவது அதையும் சேர்க்கிறது, இரண்டாவது எரிபொருளை மட்டும் எண்ணுகிறது. சின்ன எண்ணைப் பார்த்தால் இதைச் சேர்த்தார்களா என்று தேடிப் பாருங்கள். அப்புறம், தரையிலிருந்து எழும்பி மேலே ஏறுவதற்குத்தான் எரிபொருள் அதிகம் செலவாகிறது. அதனால்தான் குறுந்தூர விமானம் கிலோமீட்டர் கணக்கில் இன்னும் மோசம். ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய உள்நாட்டு வழித்தடங்களில் விமானத்துக்கு 2023-இல் பிரான்ஸ் தடை போட்டது. நடைமுறையில் பாரிஸின் ஒர்லி விமான நிலையத்திலிருந்து கிளம்பும் மூன்றே வழித்தடங்கள்தான் அதில் சிக்கின, அது வேறு விஷயம்.

கடல் தாண்டி வெகுதூரம் போக விமானத்தை விட்டால் வழியில்லை. அப்போது ஒப்பிட வேண்டியது வண்டியை அல்ல, நாட்களை. மூன்று முறை பறந்து மும்மூன்று நாள் தங்குவதும், ஒருமுறை பறந்து ஒன்பது நாள் தங்குவதும் விடுமுறைக் கணக்கில் ஒன்றுதான். பறக்கும் கணக்கில் மூன்று மடங்கு வித்தியாசம்.

எங்கே தங்குவது? உரிமையாளர் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறை எடுப்பதையும், முழு ஃப்ளாட்டை வாடகைக்கு எடுப்பதையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. முன்னதில் ஊர்க்காரர் ஊரிலேயே இருக்கிறார், நம் காசும் அவர் கைக்கே போகிறது. பின்னதில் ஓர் ஊர்க்காரர் குடியிருந்திருக்க வேண்டிய வீடு பறிபோகிறது. பார்சிலோனா நகராட்சி, சுற்றுலா ஃப்ளாட்டுகளின் உரிமங்களை 2028-க்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று 2024-இல் அறிவித்தது இதனால்தான்.

கடைசியாகக் கூட்டம். இரண்டு யோசனைகள் சொல்வார்கள்: பிரபலமான இடத்துக்கு சீசன் இல்லாதபோது போ, அல்லது யாருக்கும் தெரியாத இடத்துக்குப் போ. என் ஓட்டு முதலாவதற்கு. பேர்பெற்ற ஊரில் பெரும்பாலும் குழாய், கழிவுநீர்ப் பாதை, குப்பை வண்டி எல்லாம் ஏற்கெனவே பெருங்கூட்டத்துக்கு ஏற்ப இருக்கும், சீசன் முடிந்தால் சும்மா கிடக்கும். யாருக்கும் தெரியாத கிராமத்தில் அவை உள்ளூர்க்காரர்களுக்கே பற்றாது. கூட்டத்துக்கு ஏற்ற கழிவுநீர் வசதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிலிப்பைன்ஸின் போராக்காய் தீவு இருக்கிறது. அங்கே கழிவுநீர் நேரே கடலில் கலந்ததால் 2018 ஏப்ரலில் தீவையே ஆறு மாதம் மூடினார்கள்.

அப்படியும் புது இடம்தான் வேண்டும் என்றால், அறை பதிவு செய்யும் முன் உரிமையாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது? கிணறு அல்லது லாரி, செப்டிக் டேங்க் என்று தெளிவாகப் பதில் வந்தால் சரி. மழுப்பினால் வேறு இடம் பார்க்கலாம்.